ஸ்லைடு ரெபரன்ஸ், பாடநூல் ரெபரன்ஸ், ஒரே பட்டியல்: கடையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சில வருடம் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்தவள். அசைன்மென்ட் வைக்க வேண்டிய வாரம் வந்தால் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. பிள்ளைகள் கட்டுரையை எப்படியோ எழுதிவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்து ரெபரன்ஸில்தான் எல்லாருக்கும் மூச்சு முட்டுகிறது. ஸ்லைடில் ஒரு மாதிரி, பாடநூலில் இன்னொரு மாதிரி, நெட்டில் வேறு மாதிரி. ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது என்று எழுதி வைத்துவிட்டேன்.

உதாரணத்துக்குக் கடைக்கு வந்த ஒரு எம்.பி.ஏ. பிள்ளையின் அசைன்மென்டையே எடுத்துக்கொள்கிறேன். முந்திரி ஆலைப் பெண் தொழிலாளர்களை வேலையில் ஊக்கப்படுத்துவது எது என்பது தலைப்பு. வகுப்பு ஸ்லைடு ஒன்று, பாடநூல் இரண்டு, இவ்வளவுதான் அவள் கையில் இருந்தது.

அக்கா, ரெபரன்ஸும் பிப்ளியோகிராபியும் ஒண்ணுதானே? எத போட?

ஒன்றில்லை. கட்டுரைக்குள் எங்கெல்லாம் பெயரும் வருடமும் போட்டிருக்கிறாயோ, அவை மட்டும் வருவது ரெபரன்ஸ் பட்டியல். எழுதுவதற்காகப் புரட்டிப் பார்த்ததையும் சேர்த்துக்கொள்வது பிப்ளியோகிராபி. அசைன்மென்ட் தாளில் 'ரெபரன்ஸ்' என்று இருந்தால், கட்டுரைக்குள் இல்லாத ஒரு புத்தகம்கூடப் பட்டியலில் இருக்கக் கூடாது. பட்டியல் நீளமாகத் தெரியட்டும் என்று நாலு புத்தகம் சேர்க்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. திருத்துகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த நாலுதான்.

எந்த ஸ்டைல்ல போடணும்னு சார் சொல்லவே இல்ல. நா எதுல போட?

முதலில் துறையில் கேள். பழைய மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட் நூலகத்தில் இருக்கும், அதைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். யாருமே எதுவும் சொல்லவில்லை என்றால் ஏபிஏ ஏழாம் பதிப்பைப் பிடித்துக்கொள். அமெரிக்க உளவியல் சங்கம் 2019 அக்டோபரில் வெளியிட்ட கையேடு அது. மேலாண்மை, கல்வியியல், உளவியல், சமூகவியல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் அந்த முறைதான்.

கையில் இருக்கிற ரெபரன்ஸ் எந்த ஸ்டைல் என்று கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதை மாற்றுவது, எதை விடுவது என்று பிடிபடாது. ஒரே புத்தகம் இரண்டு உடுப்பில்:

```
Robbins SP, Judge TA. Organizational behavior. 17th ed. Boston: Pearson; 2017.

Robbins, S. P., & Judge, T. A. (2017). Organizational behavior (17th ed.). Pearson.
```

முதலாவது வான்கூவர். இனிஷியலுக்குப் புள்ளி இல்லை, ஊர் பெயர் இருக்கிறது, வருடம் கடைசியில். மருத்துவம், நர்சிங் பக்கம் அதிகம் பார்ப்பாய். இரண்டாவது ஏபிஏ. ஆசிரியர் பெயர் முடிந்ததுமே அடைப்புக்குள் வருடம் வந்துவிடும். அடையாளம் கண்டுபிடிக்க, வருடம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்லைடு கடைசியில ரெபரன்ஸ்னு ஒரு பக்கம் இருக்கே. அத அப்பிடியே காப்பி பண்ணி ஒட்டிட்டா என்ன?

ஒட்டக் கூடாது. ஸ்லைடில் இருப்பது ஆசிரியர் எங்கெங்கே பார்த்தார் என்ற குறிப்பு. நீ எதைப் பார்த்தாய் என்பதுதான் உன் பட்டியல். ஸ்லைடு ஒரு கைகாட்டி மரம் மாதிரி. வடசேரியில் நின்று 'மார்த்தாண்டம்' என்ற போர்டைப் பார்த்தவன், மார்த்தாண்டம் போய்வந்தேன் என்று சொல்ல முடியுமா?

அந்த எம்.பி.ஏ. பிள்ளையின் ஸ்லைடில் இருந்த வரிகள் இவை:

```
Slide 4   Maslow (1943)   [pyramid picture]
Slide 7   Source: Robbins, OB, 17/e
Slide 9   Herzberg et al. 1959
Slide 12  www.google.com/images
Last      Robbins SP, Judge TA. Organizational behavior. 2017.
```

ஐந்து வரி. இதோடு அவள் தனியாகப் படித்த ஆராய்ச்சி முறையியல் பாடநூல் ஒன்று, ஆக ஆறு. ஆறையும் வரிசையாக டைப் செய்து, எண் போட்டு, 'இத ஏபிஏல மாத்தித் தாங்கக்கா' என்று நீட்டினாள். கமாவும் புள்ளியும் பிறகு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை உன் கையால் திறந்து பார்த்தாயா என்று கேட்டு டிக் போட வைத்தேன். டிக் விழுந்தது இரண்டுக்குத்தான்: ராபின்ஸ் புத்தகம், முறையியல் புத்தகம். ஏழாம் ஸ்லைடும் கடைசி ஸ்லைடும் ஒரே ராபின்ஸ் புத்தகம்தான் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாஸ்லோ 1943னு சாரே போட்டுருக்காரு. நா அத படிக்கல, ஆனா அவரு சொன்னதத்தான் எழுதியிருக்கேன். அப்போ மாஸ்லோவ போட்டுத்தானே ஆகணும்?

கட்டுரைக்குள் மாஸ்லோ பெயர் வரலாம். பட்டியலில் வரக் கூடாது. ராபின்ஸ் புத்தகத்தில் மாஸ்லோவைப் பற்றிப் படித்தாய் என்றால், கட்டுரைக்குள் இப்படி எழுது:

```
(Maslow, 1943, as cited in Robbins & Judge, 2017)
```

பட்டியலில் ராபின்ஸ் புத்தகம் மட்டும். ஒன்பதாம் ஸ்லைடில் வரும் ஹெர்ஸ்பெர்க் 1959க்கும் இதே கதைதான்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு நாலாம் ஸ்லைடே சாட்சி. அதில் முக்கோணக் கூம்புப் படம், கீழே 'மாஸ்லோ 1943'. மாஸ்லோவின் 1943 கட்டுரையில் கூம்பு கிடையாது. எந்தப் படமும் கிடையாது. தேவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் என்று எழுத்தில் சொல்கிறார், அவ்வளவுதான். அந்தக் கூம்பு எங்கிருந்து வந்தது என்று 2019இல் மூன்று ஆய்வாளர்கள் தேடிப் போய், சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் 1960இல் எழுதிய கட்டுரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஸ்லைடைப் பார்த்து 'மாஸ்லோ 1943இல் வரைந்த கூம்பு' என்று எழுதினால், விஷயம் தெரிந்த ஆள் படித்தவுடன் நீ மூலத்தைத் தொடவில்லை என்று பிடித்துவிடுவார்.

படித்துவிட்டால் சிக்கலே இல்லை. மாஸ்லோவின் அந்தக் கட்டுரை இருபத்தேழு பக்கம்தான். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத் தளத்தில் உளவியல் பழைய கட்டுரைகளின் தொகுப்பில் முழுசாகக் கிடைக்கிறது. இவள் என் கடையிலேயே உட்கார்ந்து தேவையான பகுதியைப் படித்தாள். அதனால் மாஸ்லோ நேராகப் பட்டியலுக்கு வந்துவிட்டார்:

```
Maslow, A. H. (1943). A theory of human motivation. Psychological Review, 50(4), 370–396. https://doi.org/10.1037/h0054346
```

புக்குல இருந்து எடுக்கணும்னா எந்தப் பக்கத்தப் பாக்க? அட்டையில வருஷமே இல்ல.

அட்டையை விடு. உள்ளே தலைப்புப் பக்கம், அதைத் திருப்பினால் பின்னால் பொடி எழுத்தில் காப்பிரைட் பக்கம். ஆசிரியர், தலைப்பு, எத்தனையாம் பதிப்பு, பதிப்பகம் நாலும் இந்த இரண்டு பக்கத்துக்குள் கிடைத்துவிடும். நூலகத்துக்குப் போகும்போதே இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். வீட்டுக்குப் போனபிறகு 'எந்த எடிஷன் அக்கா' என்று எனக்குப் போன் போட்டால் நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

வருடத்தில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். அவள் கொண்டுவந்த முறையியல் புத்தகம் கோத்தாரி எழுதியது. அதன் காப்பிரைட் வரியில் 2004, 1990, 1985 என்று மூன்று வருடம். 1985 முதல் பதிப்பு. 2004தான் அவள் கையிலிருந்த திருத்திய இரண்டாம் பதிப்பு. கையில் இருக்கிற பதிப்பின் வருடம்தான் நமக்கு வேண்டும். நம்மூர்ப் புத்தகங்களில் அதற்குக் கீழே 'ரீபிரிண்ட்' என்று இன்னொரு வருடமும் சில நேரம் இருக்கும். அது அதே புத்தகத்தை மறுபடி அச்சடித்த வருடம், உள்ளே ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதைத் தொடாதே.

```
Kothari, C. R. (2004). Research methodology: Methods and techniques (2nd rev. ed.). New Age International.
```

ஸ்லைடுல 17/e-னு இருக்கு, லைப்ரரில வேற எடிஷன்தான் கிடைச்சுது. ஸ்லைடுல உள்ளதப் போடவா, கையில உள்ளதப் போடவா?

கையில் உள்ளதை. பதிப்பு மாறினால் பக்க எண் மாறும், சில நேரம் அத்தியாயமே இடம் மாறும். ஸ்லைடுப் பதிப்பைப் போட்டு, கையிலிருக்கும் புத்தகத்தின் பக்க எண்ணைக் கொடுத்தால், தேடிப் போகிறவருக்கு அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ இருக்கும்.

சில நேரம் ஆசிரியரே மாறிவிடுவார். ராபின்ஸ் புத்தகத்துக்கு இந்தியப் பதிப்பு ஒன்று உண்டு. அதில் மூன்றாவது ஆசிரியராக நிஹாரிகா வோராவும் சேர்ந்திருப்பார், இந்திய நிறுவன உதாரணங்களும் இருக்கும். அட்டை கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், ஆனால் அது தனிப் புத்தகம். அதை வைத்திருக்கிற பிள்ளைகள் ஸ்லைடைப் பார்த்து இரண்டு பெயர் மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். கோத்தாரியிலும் அப்படித்தான், பிறகு வந்த மூன்றாம் பதிப்பில் கௌரவ் கார்க் கூட்டாசிரியர். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவ்வளவு பேரும் பட்டியலில் வர வேண்டும், அதே வரிசையில்.

பழைய புராஜெக்ட்ல எல்லாம் 'நியூ டெல்லி: பியர்சன்'னு இருக்கே, ஊரு பேரு போடணுமா?

வேண்டாம். ஆறாம் பதிப்புவரை போட்டார்கள், ஏழாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பழைய புராஜெக்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் பட்டியலில் பாதிக்கு ஊர் இருக்கும், பாதிக்கு இருக்காது.

சாரோட ஸ்லைடயே ரெபரன்ஸா போடலாமாக்கா?

போடலாம். ஆனால் அந்த ஸ்லைடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கல்லூரியின் கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றியிருந்தால், திருத்தப் போகிற ஆசிரியரும் உள்ளே போய்ப் பார்க்க முடியும். அப்போது பட்டியலில் வரலாம்:

```
Surname, A. A. (2024, August 12). Theories of motivation [PowerPoint slides]. Google Classroom. https://classroom.google.com
```

வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃபாக வந்தது, வகுப்பில் திரையில் காட்டிவிட்டு மூடியது, இவற்றை வெளி ஆள் யாரும் தேடி எடுக்க முடியாது. அதனால் பட்டியலில் இடம் இல்லை. கட்டுரைக்குள் மட்டும் நேரடித் தகவலாகக் காட்டலாம்:

```
(A. A. Surname, personal communication, August 12, 2024)
```

என்னைக் கேட்டால், ஸ்லைடில் இருப்பது பாடநூலிலும் இருக்கிறபோது ஸ்லைடைக் காட்டாமல் பாடநூலைத் திறந்து அதையே காட்டுவது நல்லது. ஸ்லைடைக் காட்ட வேண்டியது, அது வேறு எங்குமே இல்லாத விஷயமாக இருக்கும்போதுதான். சார் தானே ஒரு ஆலைக்குப் போய் எண்ணிய கணக்கு, அவரே போட்ட வரைபடம், இந்த மாதிரி.

பன்னெண்டாம் ஸ்லைடுல படத்துக்குக் கீழ கூகுள்னுதான் இருக்கு. அது போதாதா?

போதாது. கூகுள் படத்தைத் தேடித் தருகிறது, அவ்வளவுதான். படத்தைச் சொடுக்கி அது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பார், அந்தப் பக்கத்தை யார் எழுதியது என்று பார். அந்தப் பக்கம்தான் ரெபரன்ஸ். இரண்டு நிமிடம் தேடியும் மூலம் கிடைக்காவிட்டால் படத்தை எடுத்துவிடு. அவள் எடுத்துவிட்டாள். கூம்பையும் சேர்த்தே எடுத்தாள்.

எட் ஆல் எப்ப போட? மூணு பேருக்கா ஆறு பேருக்கா?

கட்டுரைக்குள் மூன்று பேர் ஆனாலே, முதல் தடவையிலிருந்தே முதல் ஆசிரியர் பெயரும் 'எட் ஆல்' என்பதும் போதும். இரண்டு பேர் என்றால் எப்போதும் இரண்டு பெயரும். பட்டியலில் வேறு கணக்கு: இருபது பேர்வரை எல்லார் பெயரையும் எழுத வேண்டும். ஸ்லைடில் 'ஹெர்ஸ்பெர்க் எட் ஆல்' என்று இருப்பதை அப்படியே பட்டியலில் இறக்கினால் தப்பு. அவர்கள் மூன்று பேர்தான், பெர்னார்ட் மாஸ்னர், பார்பரா ஸ்னைடர்மேன் இருவரையும் எழுத வேண்டும். நம் பிள்ளை அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை என்பதால் அவளுக்கு அந்த வேலையும் மிச்சம்.

நம்ம ஊரு ஆளுங்களுக்கு சர்நேம் எது? இனிஷியல் முன்னாடிதானே இருக்கு?

இது நம் பக்கத்துத் தலைவலி. ஏபிஏ எழுதியவர்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு முன்னால் நிற்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, சிலருக்கு வீட்டுப் பெயரோ ஊரோ கூட. அதை விரித்து முன்னால் கொண்டுவந்தால் அப்பா எழுதிய புத்தகம் ஆகிவிடும். முழுசாக எழுதியிருக்கும் பெயரை முன்னால் வை, இனிஷியலைப் பின்னால் தள்ளு. எஸ். செல்வராஜ் என்று இருந்தால், செல்வராஜ், கமா, எஸ். 'டாக்டர்', 'பேராசிரியர்', 'அருட்தந்தை' எல்லாம் பட்டியலுக்கு வராது. இரண்டு பெயரும் முழுசாக இருந்து எது அப்பா பெயர் என்று தெரியவில்லையா? அதே ஆள் தன் மற்றக் கட்டுரைகளில் தன்னை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று பார்.

சாதிப் பட்டம் பெயரோடு சேர்ந்த பழைய ஆசிரியர்களுக்கு அதுதான் குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். நம் மாவட்டத்து வரலாற்று ஆசிரியர் கே. கே. பிள்ளை எழுதிய சுசீந்திரம் கோயில் புத்தகத்தை வரலாறு படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவருவார்கள்:

```
Pillay, K. K. (1953). The Sucindram temple. Kalakshetra Publications.
```

இதில் இரண்டு விஷயம் பார். ஊர் பெயரை இன்று வேறு மாதிரி எழுதுகிறோம், அந்தப் பிள்ளைகளின் ஸ்லைடிலும் 'எச்' சேர்த்துத்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படித்தான் எழுத வேண்டும். அவர் பெயரின் கடைசியிலுள்ள 'ஒய்'யும் அப்படித்தான், 'ஐ' என்று மாற்றினால் அகரவரிசையிலேயே இடம் மாறிப் போகும்.

தலைப்புல எல்லா வார்த்தைக்கும் கேபிடல் போடணுமா? ஸ்லைடுல அப்பிடித்தான் இருக்கு.

புத்தகத் தலைப்புக்கும் கட்டுரைத் தலைப்புக்கும் முதல் வார்த்தை, முக்காற்புள்ளிக்குப் பின்வரும் வார்த்தை, பெயர்ச்சொற்கள் இவற்றுக்கு மட்டும் பெரிய எழுத்து. மேலே சுசீந்திரத்துக்குப் பெரிய எழுத்து, கோயிலுக்குச் சின்ன எழுத்து. ஆனால் இதழின் பெயருக்கு மட்டும் எல்லா முக்கிய வார்த்தைக்கும் பெரிய எழுத்து, மாஸ்லோ வரியில் பார்த்தாயே.

சாய்வெழுத்து போடுவது எதற்கு என்பதும் இதோடு சேர்ந்தது. புத்தகம் என்றால் அதன் தலைப்பு சாயும். இதழ்க் கட்டுரை என்றால் கட்டுரைத் தலைப்பு நேராக நிற்கும், இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாயும். மாஸ்லோவுக்கு ஐம்பது சாயும், அடைப்புக்குள் இருக்கிற நாலு சாயாது.

இங்கிலீஷ் அசைன்மென்ட்ல ஒரு தமிழ் புக்கும் இருக்கு. அத எப்பிடி?

தலைப்பின் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி, உடனே சதுர அடைப்புக்குள் அதன் ஆங்கிலப் பொருளைப் போடு. ஆசிரியர், பதிப்பகம் பெயர்களும் ஆங்கில எழுத்தில்தான். அப்போதுதான் அகரவரிசையில் எங்கே நிற்கும் என்று தெரியும். அசைன்மென்ட் முழுக்கத் தமிழில் என்றால் இந்தக் கூத்து வேண்டாம், பட்டியலையே தமிழில் போட்டு ஆங்கிலப் புத்தகங்களைக் கடைசியில் தனியாக வைக்கிறார்கள். இது ஏபிஏ விதி இல்லை, தமிழ்த் துறைகளில் உள்ள வழக்கம். உன் துறையில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அகரவரிசைப்படுத்த வேர்டுல சார்ட் அடிச்சேன், எல்லாம் சிதறிப் போச்சு அக்கா!

வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த அழுகை கேட்கும். பிடிஎஃபிலிருந்து காப்பி செய்யும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு என்டர் சேர்ந்தே வரும். பார்வைக்கு ஒரு ரெபரன்ஸ், வேர்டுக்கு அது மூன்று பத்தி. சார்ட் அடித்ததும் மூன்றும் மூன்று திசையில் போகும். முகப்புத் தாவலில் உள்ள பத்திக் குறியை அழுத்தினால் எங்கெங்கே என்டர் ஒளிந்திருக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு ரெபரன்ஸுக்கும் ஒரே ஒரு குறி, அதன் முடிவில், இருக்க வேண்டும்.

சிதறியதைக் கையால் சேர்க்காதே. உடனே கன்ட்ரோல் இசட் அடித்துத் திரும்பிவிடு. பிறகு ஒரு ரெபரன்ஸை மட்டும், அதன் கடைசி என்டரை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்து Ctrl+H அடி. மேல்பெட்டியில் இதைப் போடு, கீழ்ப்பெட்டியில் ஒரு ஸ்பேஸ்:

```
^p
```

'ரீப்ளேஸ் ஆல்' கொடு. மற்ற இடத்திலும் தேடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், இல்லாவிட்டால் முழுக் கட்டுரையும் ஒரே பத்தி ஆகிவிடும். எல்லா ரெபரன்ஸும் ஒவ்வொரு பத்தி ஆனபிறகு சார்ட் அடித்தால் சமர்த்தாக நிற்கும். முன்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடு, ஏபிஏ பட்டியலுக்கு எண் கிடையாது.

ரெண்டாவது வரி மட்டும் உள்ள தள்ளி இருக்கணும்னாங்க. ஸ்பேஸ் அடிச்சு அடிச்சு கை வலிக்கி.

ஸ்பேஸ் அடிக்கவே கூடாது. பட்டியலை முழுதும் தேர்ந்தெடுத்து Ctrl+T அடி. முதல் வரி ஓரத்தில் நிற்கும், மற்ற வரிகள் அரை அங்குலம் உள்ளே போகும். ஸ்பேஸ் அடித்துத் தள்ளியதை என் கடையில் பிரிண்ட் போட்டால், உன் கணினியில் இருந்த எழுத்துரு இங்கே இல்லாமல் வரி மடங்கி, அந்த இடைவெளி எல்லாம் வரி நடுவில் பல் விழுந்த மாதிரி நிற்கும். வரி இடைவெளி கட்டுரை முழுக்கவும் பட்டியலிலும் இரட்டை.

கூகுள் ஸ்காலர்ல சைட்-னு பட்டன் இருக்கு, வேர்டுலயும் இருக்கு. பிறகு என்னத்துக்கு இந்தப் பாடு?

இதழ்க் கட்டுரைக்கு ஸ்காலர் தருவது பெரும்பாலும் உருப்படியாக இருக்கும். எடுத்துக்கொண்டு ஒரு முறை சரிபார். புத்தகத்துக்குத்தான் காலை வாரும். பதிப்பு எண் பல நேரம் இருக்காது, வருடம் ஏதோ ஒரு பதிப்பின் வருடமாக இருக்கும். மேலே கோத்தாரிக்கு மூன்று வருடம் பார்த்தோமே, அதில் எதை அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

வேர்டில் ரெபரன்ஸ் தாவலில் ஸ்டைல் பட்டியலைத் திறந்து பார். பல கணினிகளில் `APA Sixth Edition` என்றுதான் இருக்கும். அதாவது பழைய முறை, பதிப்பக ஊரைக் கேட்கும், அதைப் போடும். முன்னால் சொன்ன பாதிக்கு ஊர், பாதிக்கு இல்லை என்ற கோலம் இங்கிருந்தும் வருகிறது. பத்துப் பதினைந்து ரெபரன்ஸ்தான் என்றால் கையால் டைப் செய்வதே வேகம்.

எல்லாம் முடிச்சாச்சு. குடுக்குறதுக்கு முன்னாடி கடைசியா எதப் பாக்கணும்?

பட்டியலைத் தனியாக ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வை. கட்டுரையில் Ctrl+F திறந்து, தேடுபெட்டியில் இடது அடைப்புக்குறியை மட்டும் போட்டால் ஒவ்வொரு மேற்கோளாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தாளில் டிக் போட்டுக்கொண்டே வா. டிக் விழாத வரி தாளில் இருந்தால் அது உபரி, தூக்கிவிடு. கட்டுரையில் இருக்கும் பெயர் தாளில் இல்லையென்றால் விட்டுப்போயிருக்கிறது, அல்லது 'ஆஸ் சைட்டட் இன்' விட்டுப்போயிருக்கிறது. பெயர் எழுத்தும் வருடமும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்றும் அப்போதே பார். நான் படித்த காலத்தில் கட்டுரைக்குள் 1990, பட்டியலில் 2004 என்று இதே கோத்தாரியைக் கொடுத்து, 'இரண்டு புத்தகமா?' என்று சிவப்பு மையில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த முந்திரி ஆலைப் பிள்ளை ஆறு வரியோடு வந்தவள். டிக் போட்டு முடித்தபோது தாளில் இருந்தது மூன்று: கோத்தாரி, மாஸ்லோ, ராபின்ஸ். ஹெர்ஸ்பெர்க் கட்டுரைக்குள் ராபின்ஸ் வழியாக வந்துபோனார். 'மூணுதான் இருக்குக்கா, கொறஞ்சு போச்சே' என்று முகத்தைத் தொங்கப் போட்டாள். சரி, நாலாவது வேண்டுமென்றால் நூலகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும் என்றேன். பையை இங்கேயே வைத்துவிட்டு ஓடினாள்.